காற்று புகக் கூடாத குழாய்

அந்த ஐப்பசியில் மழைக்கு ஏங்காத ஆள் எங்கள் வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். மம்சாபுரத்தில் எங்கள் தெருவே கண்மாய் பெருகுமா என்று பேசிக்கொண்டிருந்தது. நானோ மலைப் பக்கம் மேகம் கறுத்தால் கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் வைத்துவிடுவேன். ராஜபாளையம் போகிற சாலையில் புதிதாகக் கட்டிய கண்காட்சி மண்டபத்தின் கூரைதான் காரணம். அந்தக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் எப்படிக் கீழே இறங்க வேண்டும் என்று முடிவு செய்ததில் என் வாய்க்குப் பெரிய பங்கு உண்டு.

சிவில் முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்னப் பொறியியல் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். எங்கள் சார் கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், ஆலை ஷெட் என்று கட்டிக் கட்டிக் கை பழகியவர். இந்த மண்டபம் அவருக்கே புதுசு. இரண்டு அகலமான கூரைகள். இரண்டும் நடுவில் சரிந்து வந்து ஒன்றுசேரும். சேருமிடத்தில் முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை ஒரு நீளமான தகர வாய்க்கால். சைட்டில் எல்லோருக்கும் அது கட்டர். உள்ளே இயந்திரங்கள், கடைகள், கூட்டம் எல்லாம் தடையில்லாமல் நகர வேண்டும் என்பதால் அந்தக் கட்டருக்குக் கீழே ஒரு தூண்கூடக் கிடையாது. சுவருக்குச் சுவர் நீண்டு நிற்கும் ஒரு பெரிய இரும்புச் சட்டம்தான் அதைத் தாங்குகிறது.

சார் முதலில் போட்டது வழக்கமான வடிகால். கட்டரில் அங்கங்கே துளை, துளைக்கு ஒரு தடித்த குழாய், தண்ணீர் தன் பாரத்தில் விழும். எங்கள் ஊர் மாடிகளில் எல்லாம் அப்படித்தான். ஆனால் இங்கே அந்தக் குழாய்கள் கட்டிக்கொண்டு இறங்கத் தூண் இல்லை. நடு மண்டபத்தில் அந்தரத்தில் இறங்கித் தரையைக் குடைய வேண்டும். அப்படி வேண்டாம் என்றால் சட்டத்துக்கு அடியில் படுக்கையாகப் பின்சுவர் வரை கொண்டுபோக வேண்டும். படுக்கைக் குழாய்க்கு வாட்டம், அதாவது சரிவு, கொடுத்தால்தான் தண்ணீர் நகரும். அத்தனை நீளத்துக்கு வாட்டம் கொடுத்தால் கடைசியில் குழாய் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே தொங்கும். அதுவும் கட்டிப்பிடித்தால் கை எட்டாத தடிமனில்.

மண்டபத்தின் மேலாளர் ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்கள் தமிழ். வரைபடத்தைப் பார்த்ததுமே கையை உதறினார்.

"ஏங்க, புது மாப்பிள்ளைக்கு மூக்குல ட்யூப் சொருகுனாப்ல இருக்கு. நடு ஹால்ல பைப்பே தெரியக் கூடாது. வேற எதாச்சும் சொல்லுங்க."

அந்த 'வேற எதாச்சும்' எனக்காகவே விழுந்த வார்த்தை. நான் பல நாளாக சைஃபானிக் வடிகாலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று பேசினேன். சாதாரணக் குழாயில் கொட்டுகிற மழையிலும் தண்ணீர் சுவரை ஒட்டித்தான் இறங்கும், நடுவில் பெரும்பங்கு காற்றுதான், அதனால்தான் குழாய் அத்தனை தடியாக வேண்டியிருக்கிறது என்றேன். சைஃபானிக்கில் ஒவ்வொரு துளைக்கு மேலும் ஒரு தட்டு இருக்கும். தண்ணீர் சுழன்று காற்றை உள்ளே இழுக்காமல் அந்தத் தட்டு தடுத்துவிடும். மழை வலுத்ததும் குழாய் முழுக்கத் தண்ணீராகிவிடும். பின்சுவரில் செங்குத்தாக விழுகிற தண்ணீர், மேலே படுக்கைக் குழாயில் இருக்கிற தண்ணீரைத் தன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வரும். வாட்டம் வேண்டாம். மெல்லிய குழாய் போதும். நடு மண்டபத்தில் ஒன்றும் இறங்காது. பின்சுவரில் ஒரே ஒரு இறக்கக் குழாய்.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சின்ன மழைக்கு?"

"சாதாரணக் குழாய் மாதிரியே ஓடும் சார்."

"பெரிய மழைக்கு?"

"நிரம்பி இழுக்கும்."

"நிரம்பலேன்னா?"

"நிரம்பும் சார்."

மேலாளர் சிரித்துவிட்டார். "பாப்பா போடுற போட்டுல மழையே பயந்து வந்துரும் போலயே."

வெளியூர் நிறுவனம் ஒன்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. எந்தத் துளைக்கு எந்தத் தடிமன், எந்த இடத்தில் எவ்வளவு இழுவை என்று எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்த கணக்கு. ஒரு துண்டை மாற்றினால் மற்ற எல்லாம் மாறும். கறுப்புக் குழாய்களைச் சூடு வைத்து ஒட்டி, படுக்கையாகத் தொங்கவிட்டார்கள். கட்டரின் இரண்டு முனையிலும் சுவரில் ஒரு சன்னல் மாதிரி வெட்டு வைத்தோம். குழாயையும் மீறித் தண்ணீர் ஏறினால் உள்ளே வழியாமல் அதன் வழியாக வெளியே கொட்டிவிட வேண்டும். அது உபரிக்குத்தான். முழு மழையையும் தாங்க அது போதாது.

வேலை முடிந்தது. எனக்குப் பயம் பிடித்ததும் அதற்குப் பிறகுதான். அதுவரை காகிதத்தில் ஓடிய தண்ணீர் இனி நிஜமாக ஓட வேண்டும். சார் கேட்ட மூன்றாவது கேள்வி ராத்திரி படுத்தால் காதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சாதாரண வடிகாலில் ஒரு குழாய் அடைத்தால் ஒரு குழாய்தான் போகும். இதில் எல்லாத் துளையும் ஒரே இறக்கத்தை நம்பி இருக்கின்றன. அந்த இறக்கம் இழுக்காவிட்டால் எதுவும் இழுக்காது.

புரட்டாசியில் பெய்ததெல்லாம் நடுத்தர மழைதான். அப்போது மேலாளர் போன் செய்தார்.

"பாப்பா, உங்க பைப்பு எருமை தண்ணி குடிக்கிற மாதிரி கொடகொடன்னு கத்துது. மீட்டிங்ல பேசுறவரு நிப்பாட்டிட்டு மேல பாக்காரு."

"அது அப்படித்தான் சார் இருக்கும். பாதி நிரம்பும், காத்து புகுந்து விட்டுரும், மறுபடி நிரம்பும். பெரிய மழை வந்தா ஒரே சீரா ஓடும். யாரும் அதுல கை வைக்கக் கூடாது."

"சரி சரி" என்றார். நானும் நிம்மதியாக வைத்துவிட்டேன்.

கண்காட்சி தொடங்கியது. நூற்பாலைச் சாமான்கள், பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள், விவசாய மோட்டார்கள், ஒரு பக்கம் அப்பளம், ஊறுகாய், பால்கோவா. கட்டருக்கு நேர் கீழே போகிற நடு வரிசையில் ஓட்டிக் காட்டுகிற தறிகளை வைத்திருந்தார்கள். அதுதான் மண்டபத்தின் மத்தி. கூட்டம் கூடுகிற இடம். அங்கே ஓர் அக்கா தன் பேண்டேஜ் தறியை ஓட்டிக்கொண்டிருந்தார். சத்திரப்பட்டிப் பக்கம். குரல் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். முதல் நாள் காலையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, இங்கன வா. காலையில இருந்து மோட்டப் பாத்துக்கிட்டே திரியுத. மேல பல்லி கில்லி இருக்கா?"

"இல்லக்கா, பைப்பப் பாக்கேன்."

"பைப்புல என்னட்டி இருக்கு பாக்க? நல்ல மாப்பிள்ளையா நாலு பேரு சுத்துதாங்க, அவங்களப் பாரு."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் காலடியில் மோட்டாருக்குப் போகிற வயர் தரையில் கிடந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மேலே அந்த உயரத்தில் கட்டர்; அதில் தண்ணீர் நின்றால் எத்தனை பாரம்; அது வழிந்தால் எங்கே விழும். நேராக இங்கேதான்.

இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் மலையே காணாமல் போனது. காற்று முதலில் வந்தது. மேலாளர் போனில் வீட்டுக்காரம்மாவிடம், "வான வஸ்துந்தி, மழை வருது, துணியெல்லாம் எடுத்துரு" என்று சொல்லிக்கொண்டே ஷட்டர்களைப் பாதி இறக்கச் சொன்னார். பிறகு மழை விழுந்தது. விழுந்தது என்பது சரியில்லை. கூரைத் தகட்டின் மேல் லாரியிலிருந்து ஜல்லியைக் கொட்டுகிற சத்தம். ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. வெளியே நின்றவர்களெல்லாம் உள்ளே ஓடி வந்தார்கள். மண்டபம் அன்றைக்கு நிரம்பிய மாதிரி அதற்கு முன் நிரம்பியதில்லை.

நான் பின்சுவருக்கு ஓடிப்போய் இறக்கக் குழாயில் கையை வைத்தேன். இத்தனை மழைக்கு அது முழுசாக நிரம்பி, உள்ளே ஒரு ரயில் போகிற மாதிரி அதிர வேண்டும். கைக்கு ஒரு சலசலப்புதான் தெரிந்தது. ஏதோ வீட்டு மாடித் தண்ணீர் இறங்குகிற மாதிரி. கொடகொடப்புகூட இல்லை. அந்தக் கொடகொடப்பு வந்திருந்தாலாவது நிரம்பப் பார்க்கிறது என்று ஆறுதல் பட்டிருப்பேன்.

அப்போது வாசல் பக்கம் கைதட்டலும் விசிலும் கேட்டன. ஓடினேன். முன்சுவரின் உச்சியில் நாங்கள் வைத்த வெட்டு வழியாகத் தண்ணீர் வளைந்து பாய்ந்து வாகனங்கள் நிற்கிற இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. இளவட்டங்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"ஏலே, அய்யனார் அருவிக்கு இனி எதுக்குலே போகணும்? இங்கனயே குளிச்சிருவோம்!"

"சோப்ப எடுலே!"

உபரிக்கு என்று வைத்த வழியில் தண்ணீர் வருகிறது என்றால் கட்டர் வாய் வரைக்கும் ஏறிவிட்டது என்று பொருள். குழாய் இழுக்கவில்லை. கூரைப் பரப்பு முழுவதும் விழுகிற மழை கட்டரில் சேர்ந்துகொண்டிருக்கிறது. முனைகளில் இருக்கிற இரண்டு வெட்டுகளும் தம்மால் ஆனதைக் கொட்டுகின்றன. நடுவில் சேருகிற தண்ணீர் அத்தனை தூரம் நகர்ந்து முனைக்கு வருவதற்குள் அங்கே மட்டம் ஏறும். ஏறினால் வழியும். நடுவில்தான் கூட்டம் நிற்கிறது.

மேலாளரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன் என்றே நினைக்கிறேன். "சார், தறி வரிசைல கரண்ட்ட எடுங்க. ஆளுங்கள நடுவுல இருந்து ஒதுக்குங்க."

"மெயினை எடுக்கவா? என்னம்மா பேசுத? இம்புட்டு ஜனம், இடி இடிக்குது, இருட்டாச்சுன்னா வாசலுக்கு ஓடுவாங்க. பாதி ஷட்டர் எறக்கிருக்கு. மிதிபட்டுச் சாவாங்க."

அவர் சொன்னதும் சரிதான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "மெயின் வேண்டாம் சார். நடு வரிசைக்குத் தனி சுவிட்ச் பாக்ஸ் இருக்குல்ல, அது மட்டும். லைட் எரியட்டும். ஷட்டரத் தூக்கிருங்க."

அவர் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். சட்டத்தின் நடுவில், கட்டரின் விளிம்பில் ஒரு வெள்ளிக் கம்பி மாதிரி தண்ணீர் தொங்கியது. பிறகு அறுந்து விழுந்தது. அவர் பாக்ஸ் இருந்த பக்கம் ஓடினார்.

பின்சுவரில் மேலே ஏற இரும்பு ஏணி உண்டு. அதன் அடியில் புது வெள்ளைச் சட்டையில் ஒருவர், மனைவி பக்கத்தில் நிற்க, நின்றுகொண்டிருந்தார். இந்த மண்டபத்தில் கழிப்பறை, குடிதண்ணீர் வேலையெல்லாம் செய்த பிளம்பர், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கண்காட்சி பார்க்க வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்ன மேடம், பைப்பு இப்பம் சத்தமே போடலல்லா? மேனேஜர் சொல்லி நாந்தான் சரி பண்ணுனேன்."

"என்ன பண்ணுனீங்க?"

"ஏர் லாக்கு மேடம். காத்து வெளிய போக வழியில்லாமத்தான் கொடகொடங்குது. எறக்கத்துக்கு மேல, வளைவுல ஒரு ஓட்டையப் போட்டு, சாடில் மாட்டி, ஒரு ஏர் பைப் தூக்கி விட்டேன். டேங்குக்கு விடுவோம்லா, அதே மாதிரி. காத்து வழியில்லாம எந்தத் தண்ணி மேடம் ஓடும்?"

எங்கள் ஊரில் மாடித் தொட்டி வைத்த வீட்டிலெல்லாம் தொட்டிக் குழாயிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தனியே வானத்தைப் பார்த்து நிற்கும். அது இல்லாவிட்டால் காற்று அடைத்துக் குழாயில் தண்ணீர் வராது. எந்தப் பிளம்பரும் அதை வைக்காமல் வேலையை முடித்ததாகச் சொல்லமாட்டார். கை பழகிய, நல்ல வேலை. அதை வைக்கவே கூடாத ஒரே குழாயில், வைக்கவே கூடாத ஒரே இடத்தில் வைத்திருக்கிறார். இறக்கத்தின் உச்சிதான் இழுவை அதிகமான இடம். அங்கே துளை இருந்தால் தண்ணீரை இழுக்க வேண்டிய பலமெல்லாம் மண்டபத்துக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்.

விளக்க நேரமில்லை. "அண்ணாச்சி, லாரி டேங்குல இருந்து ட்யூப் போட்டு டீசல் உறிஞ்சுவாங்கள்லா? ட்யூப்ல ஒரு ஓட்டை இருந்தா?"

"டீசல் வராது. நடுவுலயே அத்துப்போகும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. வாய் பாதி திறந்தபடி மேலே பார்த்தார். "ஐயையோ மேடம். மேல இருந்து பெய்யுத தண்ணிக்கு எதுக்கு உறிஞ்சணும்?"

"பொறவு சொல்லுதேன். ஏறுங்க."

அவர் செருப்பைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஏணியில் ஏறினார். "ஏங்க, வேட்டிய மடிச்சுக் கட்டுங்க!" என்று அந்த அம்மா கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது. பின்னாலேயே நான் ஏறினேன். ஒவ்வொரு இடிக்கும் இரும்பு ஏணியைப் பிடித்திருந்த கை தானாக விடப் பார்த்தது.

மேலே சட்டத்தை ஒட்டி ஒரு குறுகலான நடைபாதை. பக்கத்தில் இடுப்புக்குச் சற்று மேலே கட்டரின் அடிப்பாகம். தகடு வியர்த்து, கிணிகிணி என்று துடித்துக்கொண்டிருந்தது. உள்ளே எத்தனை தண்ணீர் இருக்கும் என்று நினைக்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே நினைத்தேன். கூரைக்கும் கட்டருக்கும் இடையே இருந்த சந்தில் போன் வெளிச்சத்தைக் காட்டினால் தண்ணீரின் பளபளப்பு விளிம்புக்கு வந்து வந்து தொட்டது. தூரத்தில், நடுவில், அது தொடவில்லை, வழிந்துகொண்டிருந்தது. கீழே கூட்டம் அலறியபடி இரண்டு பக்கமும் விலகுவது தெரிந்தது. தறி நின்றிருந்தது. அந்த அக்கா மட்டும் நகரவில்லை. ஒரு கட்டையை எடுத்துத் தரையில் கிடந்த வயரை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். கரண்டை எடுத்தார்களா இல்லையா எனக்குத் தெரியாது. அங்கிருந்து கத்தினால் கேட்காது. அந்த நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் பயந்த நேரம்.

"இந்தா மேடம்!" என்று பிளம்பர் காட்டினார். கறுப்புக் குழாய் சுவருக்குள் திரும்புகிற வளைவில், குழாயைக் கவ்வுகிற நீலநிறச் சாடில் பட்டை இறுகக் கட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு வெள்ளைக் குழாய் கட்டரையும் தாண்டி மேலே போய், கைத்தடி மாதிரி வளைந்து, கீழே பார்த்த வாயோடு நின்றது. கூரைத் தகட்டைத் துளைக்க மனசு வராமல் உள்ளேயே விட்டிருக்கிறார். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. வாய் கைக்கு எட்டியது. பக்கத்தில் போனதும் அது ஊதுகிற சத்தம் கேட்டது. ஊதவில்லை, உறிஞ்சியது. என் உள்ளங்கையை அருகே கொண்டுபோனேன். பிடித்து இழுத்தது. ஏதோ உயிருள்ளது மாதிரி. நான் கையை வெடுக்கென்று பின்னால் எடுத்துவிட்டேன்.

"அடைக்கணும். எதாச்சும் மூடி இருக்கா?"

"கண்காச்சி பாக்க வந்தவன்ட்ட எங்க மேடம் மூடி இருக்கும்?"

நான் என் ஷூவைக் கழற்றி அடிப்பாகத்தை அந்த வாயில் அழுத்தினேன். ரப்பர்தான். ஆனால் அடியில் வரிவரியாகப் பள்ளம். பள்ளம் வழியாகக் காற்று விசிலடித்துக்கொண்டு போனது. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மழைக்காக அதை ஒரு பாலிதீன் கவரில் சுற்றி வைத்திருந்தார். போனை வாயில் கவ்விக்கொண்டு கவரை நாலாக மடித்துக் குழாய் வாயில் வைத்தார். அது உள்வாங்கி விடைத்தது, கிழியப் பார்த்தது. "ஷூவ வைங்க, ஷூவ வைங்க!" என்று போனைக் கவ்விய வாயாலேயே சொன்னார். கவருக்கு மேல் ஷூவை வைத்து இருவரும் அழுத்தினோம். விசில் நின்றது.

ஒன்றும் நடக்கவில்லை.

சலசலப்பு அப்படியே இருந்தது. கட்டர் துடித்தது. நான் மனசுக்குள் கணக்கைப் புரட்டினேன். துளைகள் தண்ணீருக்கு அடியில் முங்கியிருக்கின்றன. காற்றுக்கு வேறு வழி இல்லை. உள்ளே மிச்சமிருக்கிற காற்றைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் எழுதினவர்கள் இந்த நடைபாதையில் நிற்கவில்லை.

"மேடம், செத்த நேரம் பிடிப்போம்" என்றார் அவர்.

பிறகு குழாய் இருமியது. ஒருமுறை, இன்னொரு முறை. அந்தக் கொடகொடப்பு பெரிய குரலில் படுக்கைக் குழாய் நெடுக ஓடி வந்தது. தாங்குகிற கொக்கிகளெல்லாம் கிலுங்கின. ஷூ என் கையிலிருந்து தானாக விலகி வாயோடு ஒட்டிக்கொண்டது. நாங்கள் அழுத்த வேண்டியிருக்கவில்லை. இப்போது இன்னொரு பயம்: அந்தச் சாடில் இந்த இழுவையைத் தாங்குமா? அவர் இரண்டு கையாலும் அதைப் பிள்ளையின் தலையைப் பிடிப்பது மாதிரி பொத்திக்கொண்டார். கொடகொடப்பு மெல்ல மெல்ல நெருங்கி, ஒரே இரைச்சலாகிவிட்டது. சீரான, தடையில்லாத, கனமான ஓட்டம். கால் வழியாக உடம்புக்குள் ஏறியது. சுவருக்கு வெளியே, இறக்கம் போய்ச் சேருகிற தொட்டியின் கம்பி மூடியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பொங்கியதைக் கீழே நின்றவர்கள் பிறகு சொன்னார்கள்.

சந்தில் வெளிச்சத்தைக் காட்டினேன். பளபளப்பு விளிம்பை விட்டு இறங்கியிருந்தது. இன்னும் இறங்கியது. நடுவில் விழுந்த தண்ணீர் கம்பியாகி, சொட்டாகி, நின்றது. வெளியே மழை ஒரு துளியும் குறையவில்லை.

"இம்புட்டுக்கூண்டு பைப்பா இம்புட்டையும் இழுக்கு?" என்றார் அவர். நான் அழுதுகொண்டிருந்தேன்.

ஒற்றை ஷூவோடு கீழே இறங்கினேன். நடு வரிசைக்குக் கரண்டை எடுத்திருந்தார்கள்; மேலாளர் பாக்ஸ் முன்னாலேயே காவலுக்கு நின்றிருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தறியில் ஏறியிருந்த துணி மட்டும் நனைந்து தொங்கியது. மழை விட்டதும் பிளம்பர் கடைக்குப் போய் மூடியும் பசையும் வாங்கி வந்து, மேலே ஏறி, அந்த வெள்ளைக் குழாயைச் சாடிலுக்கு நெருக்கமாக அறுத்து அடைத்தார். அவர் பொண்டாட்டி அடியில் நின்று ஏணியையும் அவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை சார் வந்தார். எல்லாவற்றையும் ஏறிப் பார்த்தார். துளை போட்ட துண்டைக் கண்காட்சி முடிந்ததும் வெட்டி எடுத்துப் புதுசு ஒட்ட வேண்டும் என்றார். அதுவரை ஏணிக்கு ஒரு பூட்டு. இறங்கி வந்து தேநீர் குடிக்கும்போது சொன்னார்:

"நான் மொதல்ல போட்ட சாதாரண கிராவிட்டி லைன்ல இதே ஏர் பைப்ப வச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நல்லதுகூட. அது மறதிக்காரனையும் மன்னிச்சு விட்டுரும், தெரியாதவனையும் விட்டுரும். உன் பைப்பு விடாது."

"ஆனா கிராவிட்டிக்கு இங்க எடம் இல்லையே சார்."

"எடம் இல்லதான். நான் வேண்டாம்னு சொல்லல. பயந்துக்கிட்டே வச்சுக்கன்னு சொல்லுதேன்."

மேலாளர் தறி வரிசைக்கு மறுபடி கரண்ட் கொடுக்கச் சொன்னார். வந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, பைப் சரியாகிவிட்டது, நேற்று பெய்த மழையை அது ஒரே மூச்சில் இழுத்ததை எல்லோரும் பார்த்தீர்களே என்றார். சிலர் திரும்பி வந்து தறியைத் துடைத்தார்கள். அந்த அக்கா வரவில்லை. தன் தறியை நான்கு பேரை வைத்து இழுத்து ஓரத்தில், அப்பளக் கடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கூட்டம் அங்கே அவ்வளவு வராது.

நான் போய் நின்றேன். முழுசாக விளக்கினேன். தட்டு, காற்று, இழுவை, டீசல் ட்யூப், எல்லாம். அவர் அறுந்த நூலை முடிந்துகொண்டே கேட்டார்.

"புரியுது ஏட்டி. ஓட்டைய அடச்சாச்சு, தண்ணி ஓடும். நீ பொய் சொல்லல."

"அப்பம் வாங்கக்கா. நடுவுலதான் ஜனம் வரும்."

"உன் பைப்பு நல்ல பைப்பாவே இருந்துட்டுப் போகட்டும். நான் அதுக்குக் கீழ நிக்க மாட்டேன். நேத்து அந்தத் தண்ணி என் தலைக்கு மேல அறுந்து விழுந்துச்சு பாரு, அது உன் கணக்குல வராது."

அன்றும் மலைப் பக்கம் மேகம் ஏறியது. நடு வரிசையில் அவர் விட்டுப் போன இடம் காலியாகக் கிடந்தது. தரையில் தறிக்கால்கள் அழுந்திய நான்கு தடங்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தடங்களுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தேன். கண்காட்சி முடியும் வரை, மழை பெய்த ஒவ்வொரு நாளும், மழை நிற்கும் வரை நான் அங்கேயேதான் இருந்தேன். பக்கத்துத் தறிக்காரர்கள் முதல் நாள் சிரித்தார்கள். பிறகு அவர்களும் மேகம் கறுத்ததும் என்னைத் தேட ஆரம்பித்தார்கள்; நான் உட்கார்ந்த பிறகுதான் மோட்டாரைப் போட்டார்கள்.